ஃபர்ஸ்ட் குரூப்பா, பியூர் சயின்ஸா, காமர்ஸா? பத்தாவது மார்க்கை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க

இந்த எபிசோட்ல கோடிங் பத்தி எதுவும் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த உடனே எனக்கு வர்ற ஒரே கேள்வியைத்தான் இன்னைக்கு எடுத்துக்கப் போறேன்: "என்னவாகணும்னு இன்னும் தெரியல, பதினொண்ணாவதுல எந்த குரூப் எடுக்கறது?" நான் பேசறது முழுக்க தமிழ்நாடு ஸ்டேட் போர்டை வெச்சு. சிபிஎஸ்இ பசங்களுக்கு இதுல பாதி பொருந்தும், பாதி பொருந்தாது.

குரூப் விவரம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஃபர்ஸ்ட் குரூப்னா கணக்கு, இயற்பியல், வேதியியல் மூணும் கட்டாயம். நாலாவதா உயிரியல் வந்தா அது பயோ மேத்ஸ், கணினி அறிவியல் வந்தா கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பியூர் சயின்ஸ்னா இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், கணக்கு கிடையாது. காமர்ஸ்னா வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், அதோட வணிகக் கணிதமோ கணினிப் பயன்பாடுகளோ வேற ஒண்ணோ இருக்கும். அந்த நாலாவது பாடம் எதுன்னு ஸ்கூலைப் பொறுத்து மாறும்.

என்ன வேலைக்குப் போகணும்னு தெரியாத பதினைந்து வயசுப் பிள்ளைகிட்ட "உன் லட்சியம் என்ன?"ன்னு கேட்டு குரூப் எடுக்க வைக்கிறதுல பிரயோஜனம் இல்லைன்னு நான் நினைக்கிறேன். அதுக்குப் பதிலா பதில் கண்டுபிடிக்கக்கூடிய ரெண்டு கேள்வி இருக்கு. இந்த குரூப் எடுத்தா எந்தக் கதவு மூடும்? திறந்திருக்கிற கதவுல நுழையற அளவுக்கு எனக்கு மார்க் வருமா? முதல் கேள்வியை மட்டும் கேட்கறவங்க எல்லாரையும் ஃபர்ஸ்ட் குரூப்புக்கு அனுப்பிடுவாங்க. ரெண்டாவது கேள்விலதான் விஷயமே இருக்கு.

கணக்கு மார்க்குக்கு ரெட்டிப்பு எடை

இன்ஜினியரிங் அட்மிஷன்ல இருந்து ஆரம்பிக்கலாம். தமிழ்நாட்டுல இதுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வெச்சு 200-க்கு ஒரு கட்-ஆஃப் போடுவாங்க. கணக்கு 100-க்கு அப்படியே எடுத்துக்குவாங்க. இயற்பியலும் வேதியியலும் பாதியாகி ஆளுக்கு 50. நாலாவது பாடம், தமிழ், இங்கிலீஷ் எதுவும் இதுல சேராது.

அப்படின்னா கணக்குல போற ஒரு மார்க், இயற்பியல்ல போற ரெண்டு மார்க்குக்குச் சமம். இதோட இன்னொரு விஷயமும் சேருது, இதை யாரும் பேச மாட்டாங்க. இயற்பியல், வேதியியல், உயிரியல் மாதிரி செய்முறை இருக்கிற பாடங்கள்ல எழுத்துத் தேர்வு 70-க்குத்தான். மீதி 30 மார்க், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. பெரும்பாலான பசங்களுக்கு அந்த 30-ல நல்லாவே வந்துடும். கணக்குல செய்முறை இல்லை. 90 மார்க் எழுத்துத் தேர்வு, 10 மட்டும் அகமதிப்பீடு. ஆக கட்-ஆஃப்ல அதிக எடை உள்ள பாடம் எதுவோ, அதுலதான் தாங்கிப் பிடிக்க ஆளும் இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கணக்கு 58, இயற்பியல் 70, வேதியியல் 74 எடுத்த ஒரு பிள்ளை. மூணையும் கூட்டினா 202, சராசரி 67-க்கு மேல. வீட்ல பெரிசா கவலைப்பட மாட்டாங்க. ஆனா கட்-ஆஃப் 58 + 35 + 37 = 130. கவுன்சிலிங்ல இந்த மார்க்குக்கும் சீட் கிடைக்கும், ஏன்னா தமிழ்நாட்டுல இன்ஜினியரிங் சீட் அவ்வளவு இருக்கு, வருஷா வருஷம் நிறைய காலியாவே கிடக்கு. ஆனா கேம்பஸ் இன்டர்வியூவுக்கு கம்பெனிகள் வரிசைகட்டி வர்ற காலேஜ்ல கிடைக்காது. அதோட உள்ளே போனா முதல் செமஸ்டர்லயே கணக்கு பேப்பர் காத்திருக்கும். என் கிளாஸ்ல முதல் வருஷ அரியர்ல பாதிக்கு மேல இந்தக் கணக்கு பேப்பர்கள்தான்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசைப்படறவங்க, பதினொண்ணாவதுலயே கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தாகணும்னு நினைக்கிறாங்க. தேவையில்லை. மேலே சொன்ன ஃபார்முலால அந்தப் பாடத்துக்கு இடமே இல்லை. அண்ணா யுனிவர்சிட்டி பாடத்திட்டத்துல முதல் வருஷம் புரோகிராமிங்கை ஆரம்பத்துல இருந்துதான் சொல்லிக்கொடுக்கறாங்க. நானே பயோ மேத்ஸ் படிச்சவன். தவளையோட இதயத்துக்கு எத்தனை அறைன்னு இன்னும் ஞாபகம் இருக்கு, அது எனக்கு வேலையில உதவினதில்லை, உபத்திரவமும் பண்ணலை. நாலாவதா எது எடுக்கலாம்கறதுக்கு என் பதில் ரொம்ப சிம்பிள்: மருத்துவம் பக்கம் துளி ஆசை இருந்தாலும் உயிரியல். சுத்தமா இல்லைன்னா கணினி அறிவியல், ஏன்னா அது படிக்க லேசு, மிச்சமாகிற நேரத்தைக் கணக்குக்குக் கொடுக்கலாம்.

கணக்குக்குப் பயந்து பியூர் சயின்ஸ்

பியூர் சயின்ஸ் எடுக்கிற பசங்கள்ல ரெண்டு வகை. உயிரியல் பிடிச்சு வர்றவங்க ஒண்ணு. கணக்குக்குப் பயந்து வர்றவங்க ஒண்ணு. ரெண்டாவது வகைக்கு முதல் ரெண்டு மாசத்துலயே ஒரு அதிர்ச்சி இருக்கு.

பதினொண்ணாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்துல ரெண்டாவது அலகு இயக்கவியல். அதுல வெக்டர் இருக்கு, வகையிடல் இருக்கு, தொகையிடல் இருக்கு. ஃபர்ஸ்ட் குரூப் பசங்களுக்காவது கணக்கு வாத்தியார் அதைப் பின்னாடி விளக்கமா நடத்துவார். பியூர் சயின்ஸ்ல அதை இயற்பியல் டீச்சர்தான் ரெண்டு பீரியட்ல சொல்லி முடிக்கணும். வேதியியல்ல மோல் கணக்கு, பி.எச். கணக்குக்கு மடக்கை. கணக்குப் பாடம்தான் போச்சு, கணக்கு போகலை. நீட் எழுதறதா இருந்தா 180 கேள்வியில 45 இயற்பியல், 45 வேதியியல், 90 உயிரியல். மொத்தம் 720 மார்க். உயிரியல்ல கெட்டியா இருக்கிற பசங்க கவிழறது பெரும்பாலும் அந்த 45 இயற்பியல் கேள்வியிலதான்.

உயிரியல்னா டாக்டர் மட்டும்தான்னு நினைக்க வேண்டாம். கால்நடை மருத்துவத்துக்கு தமிழ்நாட்டுல மாநில ஒதுக்கீட்டு சீட்டுகளை பன்னிரண்டாவது மார்க்கை வெச்சுத்தான் கொடுக்கறாங்க, நீட் வேண்டாம். அங்கேயும் 200-க்குத்தான் கட்-ஆஃப், ஆனா கணக்கு இருந்த இடத்துல உயிரியல் 100-க்கு. பி.எஸ்சி. நர்சிங்கும் பன்னிரண்டாவது உயிரியல், இயற்பியல், வேதியியல் மார்க்கைப் பார்த்துத்தான்.

முன்னாடி பார்த்த அதே பிள்ளையை இங்கே கொண்டு வருவோம். இயற்பியல் 70, வேதியியல் 74 அப்படியே. கணக்குக்குப் பதில் உயிரியல் 86. கட்-ஆஃப் 86 + 35 + 37 = 158. 130 எங்கே, 158 எங்கே! ஆனா உடனே சந்தோஷப்பட வேண்டாம். இந்தப் பக்கம் அரசு சீட் குறைவு, போட்டி கடுமை. கால்நடை மருத்துவத்துக்கு 158 எல்லாம் பேச்சுக்கே எடுபடாது. இன்ஜினியரிங் பக்கம் 130-க்குக்கூட ஏதோ ஒரு சீட் இருக்கும். உயிரியல் பக்கம் அதைவிட 28 அதிகமா வெச்சிருந்தாலும் அரசு சீட் உறுதி இல்லை. ரெண்டு கட்-ஆஃபும் 200-க்குத்தான்னு நேருக்கு நேர் ஒப்பிட்டா ஏமாந்துடுவோம்.

பியூர் சயின்ஸ் மூடுற கதவுகளும் பேர்ல தெரியாது. பி.டெக். பயோடெக்னாலஜி, பயோமெடிக்கல் இன்ஜினியரிங், இது ரெண்டும் உயிரியல் சம்பந்தப்பட்டதுதானேன்னு பியூர் சயின்ஸ் எடுத்துட்டு வந்து கேட்பாங்க. இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல அதுக்கும் கணக்கு வேணும், உயிரியல் இல்லாட்டி பரவாயில்லை. ஆர்க்கிடெக்சருக்கும் கணக்கு வேணும். பி.ஃபார்ம். மட்டும் கொஞ்சம் தாராளம். இயற்பியல், வேதியியலோட கணக்கு, உயிரியல் ரெண்டுல ஒண்ணு இருந்தா போதும்.

காமர்ஸ் ஒரு வழிப் பாதை

காமர்ஸ்ல இருந்து இன்ஜினியரிங், மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங் எதுக்கும் போக முடியாது. ஆனா சயின்ஸ் படிச்சவங்க சி.ஏ., சட்டம், பி.பி.ஏ.ன்னு காமர்ஸ் பக்கம் வரலாம்; நிறைய காலேஜ்ல பி.காம்.கூடக் கிடைக்கும். இதனாலதான் "முதல்ல சயின்ஸ் எடு, பிடிக்கலைன்னா காமர்ஸுக்கு மாறிக்கலாம்"னு சொல்றாங்க. தர்க்கம் சரிதான். ஆனா அதுக்கு விலை ரெண்டு வருஷம். பிடிக்காத பாடத்துல சுமாரான மார்க் வாங்கிட்டு வந்து, நல்ல காலேஜ்ல பி.காம். கேட்டா, காமர்ஸ்ல 95-க்கு மேல வாங்கின பசங்க முன்னாடி நிப்பாங்க.

கணக்குப்பதிவியல்ல ஒரு நல்ல விஷயம், அது எல்லாருக்கும் புதுசு. பத்தாவதுல யாரும் படிச்சதில்லை, அதனால பழைய கடன் எதுவும் இல்லை. பிடிக்குமா பிடிக்காதான்னு பார்க்கவும் ரொம்ப நாள் ஆகாது. ஒரு கடைக்காரர் 5,000 ரூபாய்க்கு மேசை, நாற்காலி கடனுக்கு வாங்கறார்னு வெச்சுக்குங்க. அறைகலன் கணக்குல 5,000 பற்று, கடன் கொடுத்தவர் கணக்குல 5,000 வரவு. எது நடந்தாலும் ரெண்டு இடத்துல எழுதணும். இப்படி ஒரு மாச நடவடிக்கையை குறிப்பேட்டுல எழுதி, பேரேட்டுக்கு மாத்தி, கடைசில இருப்பாய்வு போட்டா ரெண்டு பக்கமும் கூட்டுத்தொகை ஒண்ணா வரணும். வரலைன்னா எங்கே தப்புன்னு தேடணும். வித்தியாசம் 9-ஆல வகுபடுதா, அப்ப எங்கேயோ 540-ஐ 450-னு இலக்கம் மாத்தி எழுதியிருக்க வாய்ப்பு. புரோகிராம்ல பக் தேடற அதே புத்திதான் இதுக்கும் வேணும். சில பிள்ளைங்களுக்கு இந்தத் தேடல் அவ்வளவு பிடிக்கும். சிலருக்கு மூணாவது நாளே கொட்டாவி வரும். ரெண்டுமே பயனுள்ள தகவல்தான்.

சி.ஏ. பத்தி சுருக்கமா. ஃபவுண்டேஷன் தேர்வுக்கு எந்த குரூப்னாலும் சரி. நாலு பேப்பர், ஒவ்வொண்ணும் 100: கணக்கியல், வணிகச் சட்டம், குவான்டிடேட்டிவ் ஆப்டிட்யூட், வணிகப் பொருளியல். ஒவ்வொண்ணுலயும் 40 வாங்கணும், மொத்தத்துல பாதி, அதாவது 200 வரணும். நாலுலயும் 40 வாங்கி 160-ல நின்னா ஃபெயில்தான். கடைசி ரெண்டு பேப்பர் கொள்குறி வகை, தப்பான விடைக்கு கால் மார்க் போகும். மூணாவது பேப்பர்ல வணிகக் கணிதமும் புள்ளியியலும் இருக்கு. அதனாலதான் காமர்ஸ் எடுக்கிற பசங்ககிட்ட, ஸ்கூல்ல வணிகக் கணிதம் இருக்கிற குரூப் கிடைச்சா அதை எடுங்கன்னு சொல்றேன். அந்தப் புத்தகத்துல அணிகள், வகை நுண்கணிதம், நிதிக் கணிதம், புள்ளியியல் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கு, ஃபர்ஸ்ட் குரூப் கணக்கு அளவுக்குக் கடுமை கிடையாது.

ஐ.டி.க்கு வர காமர்ஸ் தடையான்னு என்கிட்ட நிறைய பேர் கேட்பாங்க. கஷ்டம், ஆனா மூடின கதவு இல்லை. பி.சி.ஏ. நிறைய காலேஜ்ல காமர்ஸ் பசங்களுக்கும் கிடைக்குது; ஆனா கணக்கோ வணிகக் கணிதமோ கேட்கிற காலேஜும் இருக்கு, அதனால ப்ராஸ்பெக்டஸ் பார்க்கணும். ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்தற டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பி.எஸ். படிப்புக்கு பன்னிரண்டாவதுல எந்த குரூப்னாலும் சரி, பத்தாவதுல கணக்கும் இங்கிலீஷும் படிச்சிருந்தா போதும். ஆனா உள்ளே போக ஒரு தகுதித் தேர்வு இருக்கு, அதுல கணக்கும் புள்ளியியலும் வரும்.

ஒரு தங்கச்சியோட மார்க் ஷீட்

இப்ப நிஜமான ஒரு கேஸ். விருதுநகர் மாவட்டத்துல இருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார். தங்கச்சி ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளி. பத்தாவதுல தமிழ் 92, இங்கிலீஷ் 81, கணக்கு 64, அறிவியல் 88, சமூக அறிவியல் 90. மொத்தம் 415. அப்பா ஃபர்ஸ்ட் குரூப்ங்கறார். அதுக்காக கடன் வாங்கி பக்கத்து டவுன்ல ஒரு தனியார் பள்ளில சேர்க்கவும் தயாரா இருக்கார். கிளாஸ் டீச்சர், "அறிவியல்ல 88 வாங்கியிருக்கா, பியூர் சயின்ஸ் போடுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. பொண்ணு "தெரியலண்ணா"ன்னு சொல்லுது. "ப்ரோ, நீங்க சொல்லுங்க"ன்னு என்கிட்ட வந்துட்டார்.

முதல்ல நான் தனியார் பள்ளிப் பேச்சைத்தான் நிறுத்தச் சொன்னேன். ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சவங்களுக்கு மருத்துவத்துல 2020-ல இருந்தும், இன்ஜினியரிங், கால்நடை, வேளாண்மை, சட்டம் மாதிரி படிப்புகள்ல 2021-ல இருந்தும் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கு. அதுல சீட் கிடைச்சா கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டுது. பெண் பிள்ளைகளுக்கு புதுமைப் பெண் திட்டத்துல உயர்கல்வி படிக்கும்போது மாசம் 1,000 ரூபாய். கடைசி ரெண்டு வருஷத்துக்காக மெட்ரிக் பள்ளிக்கு மாத்தினா இந்த ரெண்டும் போயிடும். கடன் வாங்கி, இருக்கிறதையும் இழக்கிற மாதிரி.

அடுத்தது மார்க். அறிவியல் 88-ல 25 செய்முறை. மீதி 63, 75-க்கு. அந்த ஒரே வினாத்தாள்ல இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எல்லாம் கலந்து இருக்கும். எதுல மார்க் வந்தது, எதுல போச்சுன்னு 88-ங்கற நம்பர் சொல்லாது. அதனால வீட்ல இருக்கிற அரையாண்டு விடைத்தாளை எடுத்துப் பிரிச்சுப் பார்க்கச் சொன்னேன். அண்ணன்காரர் அரை நாள் உட்கார்ந்து பிரிச்சிருக்கார். உயிரியல் கேள்விகள்ல ரெண்டு மூணு மார்க்தான் போயிருக்கு. போனதெல்லாம் இயற்பியல் கணக்குகள்லயும் வேதியியல்ல மோல் கணக்குலயும்.

கணக்குத் தாளையும் இதே மாதிரி பிரிச்சோம். பத்தாவது கணக்குத் தேர்வுல 14 ஒரு மார்க், 2 மார்க்ல 20, 5 மார்க்ல 50, கடைசில வடிவியல் வரைதலும் வரைபடமும் சேர்த்து 16. இந்த 16-ம் ஒரு மார்க் கேள்விகளும் பயிற்சியில வந்துடும். அரையாண்டுல அந்தப் பொண்ணுக்கு 62. அதுல ஒரு மார்க்ல 11, வரைதல்ல 15. அதாவது 30-க்கு 26. மீதி 70-க்கு 36. இந்த 36 / 70-தான் பதினொண்ணாவது கணக்குக்கு அறிகுறி. ஏன்னா பன்னிரண்டாவது கணக்குத் தாள்ல 20 ஒரு மார்க் போக மீதி 70-ம் படிப்படியா எழுதற கணக்குகள்தான். ஸ்கேலும் காம்பஸும் வெச்சு வரைஞ்சு வாங்கற 16 மார்க் அங்கே இல்லை. இதே 64-ஐ இன்னொரு பிள்ளை வரைதலை விட்டுட்டு, இயற்கணிதத்துல நல்லா போட்டு வாங்கியிருந்தா நான் யோசிக்காம ஃபர்ஸ்ட் குரூப்னு சொல்லியிருப்பேன்.

மூணாவதா, பத்து நாள் ஒரு சோதனை. பதினொண்ணாவது புத்தகங்கள் பி.டி.எஃப். ஆக பாடநூல் கழக இணையதளத்துல இலவசமா கிடைக்கும், இல்லைன்னா சீனியர்கிட்ட வாங்கலாம். கணக்குல அடிப்படை இயற்கணிதம், இயற்பியல்ல இயக்கவியல், கணக்குப்பதிவியல்ல குறிப்பேடு. ஒவ்வொண்ணுக்கும் மூணு நாள். புரிஞ்சுதான்னு கேட்காதீங்க, பதினைந்து வயசுல எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்வாங்க. மறுநாள் புத்தகத்தை மூடிட்டு, எடுத்துக்காட்டுக் கணக்கை எழுத வைங்க. எங்கே நிக்குதுன்னு பாருங்க. அப்புறம் இன்னொண்ணும் கவனிங்க: தப்பா வந்தப்போ திரும்பப் போட்டுப் பார்த்தாளா, மூடி வெச்சாளா?

பொண்ணு இயற்கணிதத்துல பாதி தாண்டிடுச்சு. இயக்கவியல்ல வகையிடல் வந்த இடத்துல நின்னு போச்சு, ரெண்டாவது நாள் புத்தகத்தைத் தொடவே இல்லை. குறிப்பேட்டுல முதல் நாள் பற்றையும் வரவையும் மாத்தி மாத்திப் போட்டிருக்கு, ஆனா ராத்திரி சாப்பிட்டுட்டு வந்து திரும்ப எடுத்து உட்கார்ந்து சரி பண்ணியிருக்கு. யாரும் சொல்லலை.

இயற்பியல் கேள்விகள்ல மார்க் போறதும், இயக்கவியல்ல நின்னதும் சேர்ந்து எனக்குச் சொன்னது என்னன்னா, பியூர் சயின்ஸ் எடுத்தாலும் இந்தப் பொண்ணு தப்பிக்காது. உயிரியல் மட்டும் தூக்கி நிறுத்தாது. அதனால காமர்ஸ்தான் என் கருத்துன்னு சொன்னேன். பொண்ணுக்கும் அதுலதான் மனசு. அப்பாவுக்குத்தான் "காமர்ஸ் எடுத்தா பேங்க்ல கிளார்க் ஆகலாம், வேற என்ன"ங்கற வருத்தம். அவர்கிட்ட நான் சி.ஏ. கனவை விக்கலை, அது எவ்வளவு பேரை வருஷக்கணக்கா உட்கார வைக்குதுன்னு தெரியும். பி.காம்., ஐந்து வருஷ சட்டப் படிப்பு, எந்த டிகிரி முடிச்சாலும் எழுதலாம்கற டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, இது எல்லாமே திறந்திருக்குன்னு மட்டும் சொன்னேன். சட்டத்துக்கும் அந்த 7.5 சதவீதம் உண்டுன்னு சொன்னப்போதான் மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தாராம்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். அவங்க ஸ்கூல்ல வணிகக் கணிதம் குரூப் இல்லை, கணினிப் பயன்பாடுகள்தான். அதுக்காக ஸ்கூல் மாறணும்னா அரசுப் பள்ளிக்குள்ளயே மாறணும், பஸ்ல தினம் ஒரு மணி நேரம். வேண்டாம்னு முடிவு பண்ணாங்க. வணிகக் கணிதப் புத்தகத்தைத் தனியா வாங்கி, சனி ஞாயிறுல நிதிக் கணிதமும் புள்ளியியலும் மட்டும் பார்க்கறதா ஏற்பாடு.

சேர்ந்த பிறகு மனசு மாறினா

ஸ்கூல் திறந்த முதல் சில வாரத்துக்குள்ள, இன்னொரு குரூப்ல இடம் இருந்தா தலைமை ஆசிரியர் மாத்திக் கொடுப்பார். அதுக்கப்புறம் மாறினா விட்டுப்போன பாடத்தைப் பிடிக்கறது கஷ்டம், காலாண்டுக்கு மேல நடைமுறையில முடியாதுன்னே வெச்சுக்கலாம். அதனால ஜூன், ஜூலையில ஒவ்வொரு வாரமும் ஒரு சின்ன டெஸ்ட் பேப்பரைக் கேட்டு வாங்கிப் பாருங்க. மார்க் குறையறது இயல்பு, எல்லாருக்கும் குறையும். அதே அத்தியாயத்தை ரெண்டாவது தடவை எழுதும்போதும் அதே இடத்துல நின்னா, அப்ப பேசணும்.

பன்னிரண்டாவது முடிஞ்ச பிறகும் ஒரே ஒரு ஜன்னல் இருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் முடிச்சுட்டு நீட் எழுதணும்னு தோணினா, உயிரியலைக் கூடுதல் பாடமா தனியா எழுதித் தேறினா போதும்னு தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பர்ல அறிவிச்சது. அதுக்கு முன்னாடி அதை ஏத்துக்க மாட்டாங்க. தேசிய திறந்தநிலைப் பள்ளி மாதிரி இடங்கள்ல ஒரு பாடத்தை மட்டும் எழுத முடியும். காமர்ஸ் முடிச்சவங்களுக்கு இந்த ஜன்னல் பெரிசா உதவாது, ஏன்னா அவங்க இயற்பியல், வேதியியல், உயிரியல் மூணையும் புதுசா எழுதணும். விண்ணப்பிக்கிற வருஷத்து நீட் தகவல் கையேட்டுல தகுதிப் பகுதியை ஒரு தடவை படிச்சுட்டு அப்புறம் ஃபீஸ் கட்டுங்க.